பட்டனை விட்டதும் ஆர்டுயினோவின் பின் எதைப் படிக்கிறது? புல்-அப், புல்-டவுன் ரெசிஸ்டருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2-ஆம் எண் பின்னில் ஒரு நீளமான ஜம்பர் வயரைச் செருகி, அதன் மறுமுனையை எதிலும் இணைக்காமல் மேசைமேல் விட்டுவிடுங்கள். பிறகு இந்தச் சின்ன புரோகிராமை ஏற்றி, சீரியல் மானிட்டரை 115200 வேகத்தில் திறந்து பாருங்கள்.

```cpp
void setup() {
  pinMode(2, INPUT);
  Serial.begin(115200);
}

void loop() {
  Serial.println(digitalRead(2));
  delay(7);
}
```

எதிலும் இணைக்காத வயர்தானே, பூஜ்யம்தான் வரும் என்று தோன்றும். ஆனால் 0, 1, 1, 0, 1 என்று கலந்து கலந்து வரும். வயருக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அந்தக் கலவை மாறும். வயரின் பிளாஸ்டிக் உறையைப் பிடித்தாலே போதும், உலோகத்தைத் தொடவே வேண்டாம். சில நேரம் வெறும் 0 மட்டும் தொடர்ந்து வரும். ஒரு நிமிடம் கழித்து அதுவே 1 ஆக மாறி நிற்கும்.

புரோகிராமில் 7 மில்லிசெகண்ட் என்று போட்டதற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக இருந்தால் அதன் ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட் ஆகும். நாமும் சரியாக 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை படித்தால், ஒவ்வொரு முறையும் அலையின் ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் பார்ப்போம். அப்போது இரைச்சல் இருந்தும் இல்லாததுபோல் தெரியும். 7 என்று வைத்தால் அந்த ஒளிவுமறைவு போய்விடும்.

பட்டனை நேரடியாக இணைத்த ஒருவர் சந்திக்கும் பிரச்சினை முழுவதும் இந்தச் சோதனைக்குள் இருக்கிறது. 5 வோல்ட்டிலிருந்து ஒரு வயரைப் பட்டனுக்கும், பட்டனின் மறுமுனையை 2-ஆம் பின்னுக்கும் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தினால் 1 வருகிறது, அது சரி. விட்டால்? பட்டனுக்குள் இருக்கும் உலோகம் விலகிவிட்டது. இப்போது அந்தப் பின், மேசைமேல் கிடந்த வயரைப் போன்றதுதான். அழுத்தாதபோது 0 வரும் என்பது நம் எதிர்பார்ப்பு மட்டுமே. அதைச் செய்து கொடுக்க அந்தச் சுற்றில் ஆளே இல்லை.

## பின் பார்ப்பது பட்டனை அல்ல

இன்புட்டாக வைத்த பின்னுக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: தன்மேல் இப்போது எத்தனை வோல்ட் இருக்கிறது என்பது. ஊனோவில் இருக்கும் சிப் ஏடிமெகா328பி. 5 வோல்ட்டில் ஓடும்போது, அதன் டேட்டாஷீட் சொல்லும் கணக்கு இது: 1.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நிச்சயம் `LOW`, 3 வோல்ட்டுக்கு மேலே இருந்தால் நிச்சயம் `HIGH`. நடுவில் இருக்கும் ஒன்றரை வோல்ட் அகலத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அங்கே நின்றால் சிப் இரண்டில் ஒன்றைச் சொல்லும்; எதைச் சொல்லும் என்று நாம் எழுதி வைத்துக்கொள்ள முடியாது.

அந்தப் பின் மின்னோட்டத்தை ஏறக்குறைய எடுத்துக்கொள்வதே இல்லை. உள்ளே இருப்பது மாஸ்ஃபெட்டின் கேட், அதாவது ஒரு மிகச்சிறிய கெபாசிட்டர் மாதிரி. கசிவு அதிகபட்சம் 1 மைக்ரோ ஆம்பியர் என்கிறது டேட்டாஷீட். நடைமுறையில் அதைவிட வெகு குறைவு. அதனால் மிகமிகக் கொஞ்சம் மின்னூட்டம் வந்து சேர்ந்தாலே அதன் வோல்ட் ஏறிவிடும், கொஞ்சம் போனாலே இறங்கிவிடும். பக்கத்துச் சுவரில் ஓடும் மின்கம்பி, நம் உடம்பு, அடுத்த பின்னில் சிமிட்டிக்கொண்டிருக்கும் சிக்னல், எல்லாமே அதை ஆட்டிவைக்கப் போதுமானவை. இப்படி யாரும் பிடிக்காமல் விட்ட நிலையைத்தான் ஃப்ளோட்டிங், மிதக்கும் பின் என்கிறார்கள்.

ஸ்பிரிங் வைத்த கதவை நினைத்துப் பாருங்கள். ஸ்பிரிங் இல்லாத கதவைத் திறந்துவிட்டால் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அங்கே நிற்கும். ஸ்பிரிங் இருந்தால், கையை எடுத்ததும் தானாக மூடிக்கொள்ளும். ஆனாலும் ஒரு குழந்தை தள்ளினால்கூடத் திறக்கும். பட்டனை விட்ட நேரத்தில் பின்னை ஒரு பக்கமாக இழுத்து வைப்பதும், பட்டன் அழுத்தியதும் விட்டுக்கொடுப்பதும்தான் நாம் சேர்க்கப்போகும் ரெசிஸ்டரின் வேலை. 5 வோல்ட் பக்கம் இழுத்தால் அது புல்-அப். கிரவுண்ட் பக்கம் இழுத்தால் புல்-டவுன். ரெசிஸ்டரில் எந்த வித்தியாசமும் இல்லை, கடையில் தனியாக ஒரு வகையும் கிடையாது. அது எங்கே இணைகிறது என்பதை வைத்துத்தான் இந்தப் பெயர்.

ரெசிஸ்டர் எதற்கு, வெறும் வயராலேயே பின்னைக் கிரவுண்டில் கட்டிவிடலாமே என்று கேட்கலாம். விட்டபோது 0 வரும், உண்மைதான். ஆனால் பட்டனை அழுத்திய கணத்தில் 5 வோல்ட்டும் கிரவுண்டும் பட்டன் வழியே நேராகச் சேர்ந்துவிடும். அது ஷார்ட் சர்க்யூட். யூ.எஸ்.பி.யில் ஓடும் ஊனோ அந்த நேரத்தில் அணைந்து மறுபடி தொடங்கும். பேட்டரியில் ஓடினால் வயர் சுடும். இழுக்கவும் வேண்டும், விட்டுக்கொடுக்கவும் வேண்டும். அதனால்தான் நடுவில் ஒரு ரெசிஸ்டர்.

## முதலில் புல்-அப்பைக் கையால் கட்டுவோம்

இரண்டில் எதைக் கற்றுக்கொள்வது என்று கேட்டால் தயங்காமல் புல்-அப் என்பேன். ஏடிமெகா உட்பட எத்தனையோ சிப்களுக்குள் புல்-அப் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். இன்னொரு காரணம், பட்டனுக்குப் போகும் வயர். புல்-அப்பில் பட்டன் வரை நீண்டு போவது பின்னின் வயரும் கிரவுண்டும் மட்டும்தான். எங்காவது உரசி உலோகப் பெட்டியில் பட்டால்கூட, பட்டன் அழுத்தியதுபோல் தெரியுமே தவிர சப்ளை ஷார்ட் ஆகாது. புல்-டவுனில் 5 வோல்ட் வயரையே வெளியே இழுத்துப்போக வேண்டியிருக்கும்.

சுற்று இதுதான்:

```
5V ──[ 10k ]──┬── பின் 2
              │
            பட்டன்
              │
             GND
```

பட்டனை பிரெட்போர்டில் செருகுவதுதான் முதல் படி. நான்கு கால் உள்ள சிறிய பட்டன்தான் பெரும்பாலும் கிடைக்கும். நான்கு கால் இருந்தாலும் உள்ளே இரண்டே முனைகள்தான். இரண்டிரண்டு கால்கள் எப்போதும் சேர்ந்தே இருக்கும். எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று தெரியாமல் இணைத்தால், அழுத்தாமலே எப்போதும் அழுத்தியதாகக் காட்டும். இதற்கு ஒரு எளிய வழி: எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு கால்களைப் பயன்படுத்துங்கள். பட்டனை எப்படித் திருப்பிச் செருகினாலும் அந்த இரண்டும் வேறு வேறு முனைகளாகவே இருக்கும். சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து, அழுத்தினால் மட்டும் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிடலாம்.

அடுத்து ரெசிஸ்டர். 10 கிலோ ஓமுக்கு நான்கு பட்டை உள்ளதில் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு, தங்கம் என்று நிறங்கள் இருக்கும். மூன்றாவது பட்டையை மட்டும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அது ஆரஞ்சாக இல்லாமல் கறுப்பாக இருந்தால் கையில் இருப்பது வெறும் 10 ஓம். அதைப் போட்டு பட்டனை அழுத்தினால் 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் ஓடும். அந்தக் கால் வாட் ரெசிஸ்டரின்மேல் இரண்டரை வாட் சூடு விழும். சில நொடிகளில் புகையும்.

ரெசிஸ்டரின் ஒரு காலை 5 வோல்ட்டுக்கும் மறு காலைப் பட்டனின் ஒரு மூலைக்கும் கொடுங்கள். அதே வரிசையிலிருந்து ஒரு வயர் 2-ஆம் பின்னுக்குப் போகட்டும். பட்டனின் எதிர் மூலையைக் கிரவுண்டில் இணையுங்கள். ரெசிஸ்டர், பட்டன், பின் மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பிறகு வரும் பிழைகளில் பாதி, அந்தச் சந்திப்பு தவறுவதால் வருபவை.

முதலில் ஏற்றிய புரோகிராமை மாற்ற வேண்டாம். சீரியல் மானிட்டரைப் பாருங்கள்: 1 மட்டும் வரிசையாக வரும். அழுத்தினால் 0. கையை எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோனாலும் அது அசையாது.

இங்கே ஒரு விஷயம் பலரைக் குழப்புகிறது. அழுத்தினால் 0, விட்டால் 1. நாம் நினைத்ததற்கு நேர்மாறு. இது பிழையல்ல. புல்-அப் என்றாலே இப்படித்தான். சுற்றைத் திருப்பிக் கட்டி இதைச் "சரி" செய்யத் தேவையில்லை. புரோகிராமில் ஒரே இடத்தில், `LOW` என்றால் அழுத்தப்பட்டது என்று எழுதிவிட்டு, அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் `pressed` என்ற பெயரையே பயன்படுத்தினால் குழப்பம் அங்கேயே முடிந்துவிடும்.

புல்-டவுன் வேண்டுமானால் ரெசிஸ்டரும் பட்டனும் இடம் மாறும், அவ்வளவுதான்: பட்டன் 5 வோல்ட்டில், 10 கிலோ ஓம் கிரவுண்டில், பின் நடுவில். அழுத்தினால் 1, விட்டால் 0.

## ஏன் 10 கிலோ ஓம்?

எல்லாப் படங்களிலும் 10 கிலோ ஓம் என்றே போட்டிருப்பதைப் பார்த்து, அதுதான் விதி என்று நினைத்துவிடுகிறோம். அது ஒரு நல்ல நடுநிலை மட்டுமே. இரண்டு பக்கத்திலிருந்தும் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

குறைந்த பக்கத்தை எடுத்துக்கொள்வோம். பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் நேரம் முழுவதும் ரெசிஸ்டர் வழியே மின்னோட்டம் வீணாகிக்கொண்டே இருக்கும். 10 கிலோ ஓமுக்கு:

```
I = 5 V / 10000 Ω = 0.5 mA
```

இது ஒன்றுமே இல்லை. 1 கிலோ ஓம் போட்டால் 5 மில்லி ஆம்பியர், அதுவும் யூ.எஸ்.பி.யில் ஓடும்போது பொருட்டல்ல. ஆனால் பட்டனுக்குப் பதிலாக, கதவில் காந்தத்தோடு வைக்கும் ரீட் சுவிட்சை, 3 வோல்ட் காயின் செல்லில் ஓடும் இதே 10 கிலோ ஓம் சுற்றில் இணைத்தால் கதை மாறும். கதவு மூடியே இருக்கும், சுவிட்சும் மூடியே இருக்கும், 0.3 மில்லி ஆம்பியர் இரவும் பகலும் ஓடும். அந்தச் செல்லில் சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி இருக்கும். நாளொன்றுக்கு 7.2 போனால், சிப் ஒரு வேலையும் செய்யாமலே ஒரு மாதத்தில் செல் காலி. அங்கே 1 மெகா ஓம் போடுவதுதான் சரி.

அப்படியானால் எல்லா இடத்திலும் 1 மெகா ஓம் போட்டுவிடலாமா? இப்போது அதிக பக்கத்தைப் பார்ப்போம். பின்னின் கசிவு டேட்டாஷீட் சொன்ன அதிகபட்சமான 1 மைக்ரோ ஆம்பியராக இருந்தால், 1 மெகா ஓமில் அது 1 வோல்ட்டைத் தின்றுவிடும். 5-க்குப் பதில் 4 வோல்ட் இருக்கும். `HIGH` ஆகப் படிக்க இது போதும். ஆனால் இரைச்சல் வந்து மோதும்போது தாங்குவதற்கான இடைவெளி குறைந்துவிட்டது. அதைவிட முக்கியம், ஸ்பிரிங் மிகவும் தளர்ந்துவிட்டது என்பது. கொஞ்சம் நீள வயர் இருந்தாலே பக்கத்து மின்கம்பி அதை ஆட்டும். 10 கிலோ ஓமில் அதே கசிவு தின்பது 0.01 வோல்ட்தான்.

சின்ன வயரில், மேசைமேல் இருக்கும் பட்டனுக்கு 4.7 முதல் 47 கிலோ ஓம் வரை எது கையில் கிடைத்தாலும் போடலாம். ஒன்றும் கெட்டுப்போகாது.

## சிப்புக்குள்ளேயே இருக்கும் புல்-அப்

இப்போது அந்த 10 கிலோ ஓமைக் கழற்றிவிடுங்கள். பட்டனின் ஒரு மூலை 2-ஆம் பின்னிலும் எதிர் மூலை கிரவுண்டிலும் இருக்கட்டும். இனி இரண்டே வயர்தான்.

```cpp
const int BTN = 2;

void setup() {
  pinMode(BTN, INPUT_PULLUP);
  pinMode(LED_BUILTIN, OUTPUT);
}

void loop() {
  bool pressed = (digitalRead(BTN) == LOW);
  digitalWrite(LED_BUILTIN, pressed);
}
```

`INPUT_PULLUP` என்ற அந்த ஒரு சொல், சிப்புக்குள் பின்னுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே இருக்கும் ரெசிஸ்டரை இணைத்துவிடுகிறது. நாம் வெளியே கட்டிய அதே சுற்றுதான், உள்ளே போய்விட்டது. அதன் மதிப்பு எவ்வளவு? 20 முதல் 50 கிலோ ஓம் வரை எங்கேயும் இருக்கலாம் என்கிறது டேட்டாஷீட். சிலிக்கானுக்குள் துல்லியமான ரெசிஸ்டர் செய்வது கடினம் என்பதால் இந்த அகலம்.

உங்கள் சிப்பில் எவ்வளவு என்று நீங்களே அளந்து பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை, ஆனால் இந்த விஷயம் மனதில் நன்றாகப் பதிய இதைப்போல் வேறு எதுவும் இல்லை. மேலே உள்ள புரோகிராம் ஓடட்டும். பட்டனைக் கழற்றிவிட்டு, 2-ஆம் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு அந்த 10 கிலோ ஓமை இணையுங்கள். மல்டிமீட்டரால் அதன் இரு முனைகளிலும் வோல்ட்டை அளவெடுங்கள். போர்டின் 5 வோல்ட் பின்னில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள், யூ.எஸ்.பி.யில் அது கொஞ்சம் குறைந்திருக்கலாம். அப்புறம் இந்தக் கணக்கு:

```
R = 10 kΩ × (Vcc − V) / V
```

சப்ளை சரியாக 5 வோல்ட்டும், பின்னில் 1.1 வோல்ட்டும் இருந்தால், 10-ஐ 3.9-ஆல் பெருக்கி 1.1-ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 35 கிலோ ஓம். உள்ளே இருக்கும் ரெசிஸ்டரைக் கண்ணால் பார்க்காமலே அளந்துவிட்டோம்.

இந்த அளவீட்டைச் செய்தவர்களுக்கு, அடிக்கடி நடக்கும் ஒரு தவறு உடனே புரியும். பட்டனைப் புல்-டவுனாகக் கட்டிவிட்டு, வேறொரு புரோகிராமிலிருந்து `INPUT_PULLUP` வரியை அப்படியே எடுத்துப் போடுவது. உள்ளே ஒன்று மேலே இழுக்கிறது, வெளியே ஒன்று கீழே இழுக்கிறது. நாம் இப்போது கட்டிய அதே சுற்று! 10 கிலோ ஓமும் 35 கிலோ ஓமும் இழுத்துக்கொண்டு 1.1 வோல்ட்டில் நிற்கும். `LOW` எல்லைக்குள் இருப்பதால் வேலை செய்வதுபோல் தெரியும். வேறொரு சிப்பில் உள்ளே 20 கிலோ ஓம் இருந்தால் அது 1.67 வோல்ட், எல்லையைத் தாண்டிவிட்டது. வெளியே 10-க்குப் பதில் 100 கிலோ ஓம் போட்டிருந்தால் 3.7 வோல்ட்டில் நிற்கும்; பட்டனை அழுத்தினாலும் விட்டாலும் 1 மட்டுமே வரும். "நேற்று வேலை செய்தது, போர்டை மாற்றியதும் செய்யவில்லை" என்ற புகாருக்குப் பின்னால் சில நேரம் இருப்பது இதுதான்.

## பின் மிதக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ரெசிஸ்டர் இருக்கிறது, ஆனாலும் பட்டன் கண்டபடி நடந்துகொள்கிறது என்றால், முதலில் நான் சந்தேகப்படுவது ரெசிஸ்டர் இருக்கும் இடத்தை. தொடக்கத்தில் இருப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு, பட்டனுக்கும் பின்னுக்கும் நடுவே, ஒரே வரிசையில் அதைப் போட்டுவிடுவது. 5 வோல்ட், பட்டன், 10 கிலோ ஓம், பின் என்று ஒரு சங்கிலி மாதிரி. பார்ப்பதற்கு ரெசிஸ்டர் இருக்கிறது, எல்.இ.டி.க்கு அப்படித்தானே போடுகிறோம் என்றும் தோன்றும். ஆனால் பட்டனை விட்டதும் அந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது, ரெசிஸ்டரின் மறுமுனை அந்தரத்தில் தொங்குகிறது. பின்னை இழுத்துப் பிடிக்க ஆளில்லை. புல்-அப்போ புல்-டவுனோ, பட்டன் திறந்திருக்கும்போதும் பின்னிலிருந்து சப்ளைக்கோ கிரவுண்டுக்கோ ஒரு வழி இருக்க வேண்டும். அந்த வழியை விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள்.

மல்டிமீட்டரை வைத்து மிதக்கும் பின்னைத் தேடினால் அது ஏமாற்றும். பெரும்பாலான டிஜிட்டல் மல்டிமீட்டர்கள் வோல்ட் அளக்கும்போது சுமார் 10 மெகா ஓம் ரெசிஸ்டர்போல் நடந்துகொள்ளும். அதாவது, கறுப்பு முனையைக் கிரவுண்டிலும் சிவப்பு முனையைப் பின்னிலும் வைத்த கணமே, நீங்கள் ஒரு பலவீனமான புல்-டவுனை இணைத்துவிட்டீர்கள்! மீட்டர் அமைதியாக 0-க்குப் பக்கத்தில் காட்டும், சீரியல் மானிட்டரில் கலவை நின்றுபோகும். எடுத்ததும் மறுபடி தொடங்கும். ஒரு முழு மாலை நேரத்தை இதில் நான் செலவழித்திருக்கிறேன். தொட்டால் சரியாகிவிடும் சுற்றில் லூஸ் கனெக்ஷனைத் தேடிக்கொண்டிருந்தேன். மீட்டரைத் தொட்டதும் பிரச்சினை மறைகிறது என்றால், அதுவே பின் மிதப்பதற்கான அடையாளம் என்று இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் போதும். பட்டனை அழுத்தாமல் விட்டுவிட்டு, பின்னை அந்த 100 கிலோ ஓம் வழியாக முதலில் கிரவுண்டில் தொடுங்கள், பிறகு 5 வோல்ட்டில் தொடுங்கள். சீரியல் மானிட்டர் தொட்ட பக்கமெல்லாம் 0, 1 என்று கூடவே மாறினால், பின் மிதக்கிறது. ஒழுங்காகப் புல்-அப் இருந்தால் மாறாது. வெளியே 10 கிலோ ஓம் இருக்கும் பின்னை 100 கிலோ ஓமால் கிரவுண்டுக்கு இழுத்தால்கூட 4.5 வோல்ட் நிற்கும். உள் புல்-அப் மிகப் பலவீனமாக, 50 கிலோ ஓமாக இருந்தாலும் 3.3 வோல்ட் இருக்கும்; அப்போதும் `HIGH`தான்.

## உள் புல்-அப் போதாத இடம்

மேசைமேல் இருக்கும் பட்டனுக்கு `INPUT_PULLUP` தாராளமாகப் போதும். அடுத்த அறைக்கு வயர் இழுத்தால் போதாது. ஒரு முறை சுமார் எட்டு மீட்டர் தூரத்தில் ஒரு பட்டனை வைத்து, உள் புல்-அப்பை மட்டும் நம்பியிருந்தேன். பட்டனை யாரும் தொடவே இல்லை, ஆனால் அந்த அறையில் ஃபேன் சுவிட்சைப் போடும்போதெல்லாம் ஓர் அழுத்தம் பதிவானது. வயர் சுவரில் மின்கம்பிக்குப் பக்கத்திலேயே போயிருந்தது. சுவிட்ச் போடும்போது எழும் துடிப்பு, 35 கிலோ ஓமின் தளர்ந்த பிடியை ஒரு கணம் தோற்கடித்திருக்கிறது.

இதற்குச் செய்தது மூன்று காரியம். போர்டின் பக்கத்தில் பின்னிலிருந்து 5 வோல்ட்டுக்கு 2.2 கிலோ ஓம் போட்டேன், அழுத்தும்போது 2.3 மில்லி ஆம்பியர் ஓடும், அதனால் பட்டனின் உலோகத்தில் படிந்த மெல்லிய அழுக்கையும் தாண்டி நல்ல தொடர்பு கிடைக்கும். பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 100 நானோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. வெளியிலிருந்து வரும் நீள வயர் இந்தச் சந்திப்பில் சேரும் இடத்தில் 100 ஓம் ஒன்று, கெபாசிட்டரில் இருக்கும் மின்னூட்டம் பட்டன் வழியே ஒரேயடியாகப் பாயாமல் இருக்க. அழுத்தும்போது அந்த 100 ஓமில் 0.2 வோல்ட் நிற்கும், 1.5-க்கு வெகு கீழே. அதற்குப் பிறகு பொய் அழுத்தம் வரவில்லை.

இந்தக் கெபாசிட்டரையும் ரெசிஸ்டரையும் பார்த்து, ஒரே அழுத்தம் இரண்டு மூன்றாக எண்ணப்படும் தொல்லையும் தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பட்டனுக்குள் இருக்கும் உலோகத் தகடு மோதித் துள்ளுவதால் வருவது அது. சில மில்லிசெகண்ட் நீடிக்கும். 2.2 கிலோ ஓமும் 100 நானோ ஃபாரடும் சேர்ந்து தரும் தாமதம் 0.22 மில்லிசெகண்ட்தான். கெபாசிட்டர் இல்லாமல் புல்-அப் மதிப்பை எவ்வளவு மாற்றினாலும் துள்ளல் போகாது. மாற்றம் தெரிந்த பிறகு சுமார் 20 மில்லிசெகண்ட் பொறுத்து மறுபடி படித்து உறுதிசெய்வதுபோல் புரோகிராமில் எழுதுவதே எளிது. இரண்டையும் பிரித்து அறிவதும் எளிது: கையை வைக்காமலே எண்ணிக்கை ஏறினால் பின் மிதக்கிறது அல்லது இரைச்சல் நுழைகிறது, அழுத்தும்போது மட்டும் கூடுதலாக ஏறினால் துள்ளல்.

## வேறு போர்டுக்கு மாறும்போது

ஏடிமெகா328பி-யில் உள் புல்-டவுன் கிடையாது. புல்-டவுன் வேண்டுமென்றால் வெளியேதான் போட வேண்டும். ஈஎஸ்பி32-இல் இரண்டும் உண்டு, `INPUT_PULLDOWN` என்றும் எழுதலாம். ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. 34 முதல் 39 வரை எண் கொண்ட பின்கள் இன்புட்டுக்கு மட்டுமே ஆனவை, அவற்றுக்குள் புல்-அப்பும் இல்லை, புல்-டவுனும் இல்லை. `pinMode(34, INPUT_PULLUP)` என்று எழுதினால் புரோகிராம் கம்பைல் ஆகிவிடும். பின் மட்டும் மிதந்துகொண்டே இருக்கும். முன்பு சொன்ன 100 கிலோ ஓம் சோதனையை, 5 வோல்ட்டுக்குப் பதில் 3.3 வோல்ட்டை வைத்துச் செய்தால் உடனே தெரிந்துவிடும். அந்தப் பின்னையே பயன்படுத்த வேண்டுமானால் வெளியே ஒரு 10 கிலோ ஓம் போடுங்கள். அதன் மறுமுனை 3.3 வோல்ட்டுக்குப் போக வேண்டும். ஊனோவில் செய்த பழக்கத்தில் 5 வோல்ட்டில் கொடுத்துவிடாதீர்கள், அந்தச் சிப்பின் பின்கள் 5 வோல்ட்டுக்கானவை அல்ல.